எமகண்டம், குளிகை, சூலம் எல்லாம் நேர்காணல் அன்றைக்கே வந்தால்?

கேள்வி: வரும் புதன்கிழமை காலை 11 மணிக்குப் புதுச்சேரியில் நேர்காணல். கடலூரிலிருந்து போகவேண்டும். நாள்காட்டித் தாளைப் பார்த்தால் எமகண்டம், குளிகை, வடக்கே சூலம் என்று எல்லாமே அன்றைக்குத்தான் வருகிறது. பதற்றப்படாமல் எப்படித் திட்டமிடுவது?

பதில்:

முதலில் அந்தத் தாளோடு, அதற்கு முந்தைய புதன்கிழமைத் தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராகு காலம் 12 முதல் 1.30, எமகண்டம் 7.30 முதல் 9, குளிகை 10.30 முதல் 12, சூலம் வடக்கு, பரிகாரம் பால். இரண்டிலும் ஒன்றேதான் இருக்கும். இந்த நான்கும் கிழமையை வைத்துப் போடுபவை. உங்கள் நேர்காணலுக்கென்று அன்றைக்கு விசேஷமாக எதுவும் வந்து உட்காரவில்லை. தாளில் நாளுக்கு நாள் மாறுவது திதி, நட்சத்திரம், யோகம், சந்திராஷ்டமம் ஆகியவைதான். இது புரிந்த அன்றைக்கே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

மீதி பாதி போனது ஒரு சொதப்பலுக்குப் பிறகு. சில வருடங்களுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை, 10 மணிக்குப் புதுச்சேரியில் நேர்காணல். திங்கள் ராகு காலம் 7.30 முதல் 9. அது கழியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 9.05க்குக் கிளம்பி, திருப்பாதிரிப்புலியூரில் பஸ் பிடித்து, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டும் வரைக்கும் எல்லாம் சரி. அரியாங்குப்பத்தில் வண்டிகள் நகரவே இல்லை. போய்ச் சேர்ந்தபோது 10.25. என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். 7.15க்கே வாசல்படி இறங்கியிருந்தால் ராகு காலமும் தொட்டிருக்காது, நெரிசலும் தொட்டிருக்காது. நாள்காட்டியைப் பார்த்தது தப்பில்லை, ராகு காலத்துக்குப் பின்னால் மட்டும் பார்த்து முன்னால் பார்க்காததுதான் தப்பு.

அதனால் நான் இப்போது பஸ் கணக்கை முதலில் போடுவேன், நாள்காட்டியை அப்புறம்தான் திறப்பேன். உங்கள் கணக்கைப் பார்ப்போம். நெரிசலோடு சேர்த்து வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டால், 9 மணிக்கு எமகண்டம் முடிந்து கிளம்பி 10.30க்குப் போய்ச் சேரலாம். கையில் அரை மணி நேரம் இருக்கும். எனக்கு அது போதாது. 7.15க்குக் கிளம்பினால் 8.45க்கு அங்கே இருப்பீர்கள். டிபன் சாப்பிட்டு, சான்றிதழ்களை ஒருமுறை அடுக்கிப் பார்க்கலாம். எமகண்டத்தில் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது கணக்கில்லை. எங்கள் வீட்டு வழக்கத்தில் வாசல்படி இறங்குவதுதான் புறப்பாடு.

7.30க்கு முன் கிளம்பவே முடியாதவர்களுக்குப் பெரியவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், பரஸ்தானம் என்பார்கள். நல்ல நேரத்தில் பையை மட்டும் எதிர்வீட்டிலோ கோயிலிலோ கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் பையை எடுத்துக்கொண்டு போகலாம். என் ஃபைல் ஒரு ராத்திரி முழுக்க எதிர்வீட்டு அத்தையின் அரிசி டின் மேல் இருந்திருக்கிறது.

குளிகையை நினைத்துக் கவலை வேண்டாம். அதில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பதுதான் நம்பிக்கை. அதனால் கடன் வாங்க மாட்டார்கள், நகை வாங்குவார்கள். 11 மணி நேர்காணல் குளிகையில் விழுகிறது என்று சொன்னதும் என் பாட்டி, "அப்போ இரண்டாவது ரவுண்டுக்கும் கூப்பிடுவான், போடா" என்றார். நேர்காணல் 12 மணியைத் தாண்டினாலும் பரவாயில்லை. ராகு காலத்தில் பார்ப்பது புதிதாகத் தொடங்குவதைத்தான், நடந்துகொண்டிருப்பதை அல்ல.

இன்னொன்று, தாளையும் செல்போன் செயலியையும் ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். தாளில் சூரிய உதயம் 6, அஸ்தமனம் 6 என்று வைத்து, பகலை எட்டாகப் பிரித்து, ஒரு பங்குக்கு ஒன்றரை மணி நேரம் போடுகிறார்கள். செயலி நம் ஊர் உதயத்தை எடுத்துக்கொள்ளும். ஜூன் கடைசியில் பகல் நீளம் என்பதால் புதன் ராகு காலம் 12.10 வாக்கில் தொடங்கி 1.45ஐத் தாண்டும் என்று காட்டும். இரண்டுமே அவரவர் கணக்கில் சரி. வீட்டில் எதைப் பார்க்கிறார்களோ அதோடு நில்லுங்கள். இரண்டிலும் தப்பிக்கிற நேரத்தைத் தேடினால் பகலில் பாதி போய்விடும்.

வடக்கே சூலத்துக்குப் பரிகாரம் பால். கடலூரிலிருந்து புதுச்சேரி வடக்கேதான், அதனால் கிளம்பும்முன் ஒரு வாய் குடியுங்கள். எனக்குப் பால் பிடிக்காது. காபியிலும் பால்தானே இருக்கிறது என்று கேட்டேன், பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு டிகாஷனைக் குறைத்துக் கொடுத்தார்.