ஆளுக்கொரு நடையில் எழுதும் பணியாளர்களின் பதில்களை ஒரே குரலுக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் நான்கு பேர் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுகிறார்கள். ஒருவர் அரசாணை போல எழுதுகிறார், இன்னொருவர் தோழியிடம் பேசுவதுபோல எழுதுகிறார். அனைத்தையும் திருத்தி அனுப்புவது என் வேலை. எவ்வளவு திருத்தினாலும் நான்கு நிறுவனங்கள் பேசுவதுபோலவே இருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

கோவையில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவில் சில ஆண்டுகளாக இதே வேலையைப் பார்க்கிறேன். தொடக்கத்தில் நான் சொற்களைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். அது வீண் உழைப்பு. ஒருவர் ‘பழுது’ என்பார், இன்னொருவர் ‘கோளாறு’ என்பார். இரண்டையும் ஒன்றாக்கினாலும் கடிதம் ஒரே ஆள் எழுதியதாகத் தோன்றாது. வாடிக்கையாளர் காதில் விழுவது வேறு: யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், வேலையைச் செய்யப்போவது யார், வாக்கு எவ்வளவு உறுதியானது. தமிழில் இந்த நான்கும் பெரும்பாலும் வினைமுற்றிலும் ‘நாம், நாங்கள்’ போன்ற சின்னச் சொற்களிலும்தான் உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார்: வெறுமனே ஓட்டினால் கிரைண்டர் நன்றாகச் சுற்றுகிறது, உளுந்தைப் போட்டு மாவு கெட்டியாகத் தொடங்கியதும் டிரம் நின்றுவிடுகிறது, மோட்டார் சத்தம் மட்டும் கேட்கிறது. இதற்கு எனக்கு மூன்று வரைவுகள் வந்தன.

மேலாளர்: “தங்களது புகார் பெறப்பட்டது. நமது சேவைப் பிரிவின் மூலம் உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும் எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.”

தொலைபேசியில் பேசும் பெண்: “வணக்கம் அம்மா, மிகவும் வருத்தமாக இருக்கிறது! கவலையே படாதீர்கள், உடனே ஆள் அனுப்பிச் சரிசெய்து தந்துவிடுகிறோம்!!”

மெக்கானிக்: “பெல்ட் தளர்ச்சி. லோடு ஏறினால் வழுக்கும். வியாழன் போகலாம். பெல்ட் காசு தனி.”

மூன்றில் உருப்படியானது மூன்றாவதுதான். நடை இல்லை, மரியாதை இல்லை. ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரியவேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது. மற்ற இரண்டில் நடை மட்டுமே இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் நான் வரைவை நேரடியாகத் திருத்துவதே இல்லை. முதலில் அதிலிருந்து செய்தியை மட்டும் உருவி ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன்: என்ன கோளாறு, யார் வருகிறார், எப்போது, யார் பணம் கட்டுவது. தாளில் காலி இடம் இருந்தால் எழுதியவரையே கூப்பிட்டுக் கேட்கிறேன். பிறகு அந்தத் தாளை மட்டும் பார்த்துப் பதில் எழுதுகிறேன். பழைய வாக்கியம் கண்முன் இருந்தால் அதன் வாடை புதியதிலும் ஒட்டிக்கொள்ளும்.

எழுதும்போது எங்களுக்குள் வைத்திருக்கும் முடிவுகள் சில. வாடிக்கையாளர் ‘நீங்கள்’, ‘தாங்கள்’ கிடையாது. நிறுவனம் ‘நாங்கள்’. மேலாளர் எழுதும் ‘நமது நிறுவனம்’ தமிழ் இலக்கணப்படி கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல். பணியாளர் கூட்டத்தில் அது சரி. கிரைண்டர் நின்றுபோன கடுப்பில் இருப்பவரிடம் ‘நமது சேவைப் பிரிவு’ என்றால், அவர் எப்போது நம் நிறுவனத்தில் சேர்ந்தார்? இதை மேலாளரிடம் சொன்னபோது அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே மாற்றிக்கொண்டார்.

அடுத்தது ‘படும்’. ‘நடவடிக்கை மேற்கொள்ளப்படும்’ என்பதில் செய்பவர் ஒளிந்துகொள்கிறார். வினையை ‘வருவார்’, ‘மாற்றுவோம்’ என்று திருப்பிப் பாருங்கள். யார், எப்போது என்ற கேள்விகள் உடனே எழும். விடை தெரியாவிட்டால் பிரச்சினை நடையில் இல்லை, இன்னும் யாரும் முடிவெடுக்கவில்லை என்று பொருள். நான் திருப்பி அனுப்பும் வரைவுகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவைதான்.

நாட்களைப் பற்றியும் ஒரு சொல். ‘நாளை’, ‘வருகிற வியாழன்’ இரண்டும் எங்களிடம் இல்லை. நாங்கள் புதன் மாலை அனுப்பியதை அவர் வியாழன் காலை படித்தால் எந்த வியாழன்? தேதியும் கிழமையும் சேர்த்தே எழுதுகிறோம்.

கடைசியில் ஈரோட்டு அம்மாவுக்குப் போனது இது:

“மாவு கெட்டியானதும் டிரம் நின்றுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். மோட்டார் ஓடியும் டிரம் நின்றால் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது என்று பொருள். எங்கள் மெக்கானிக் 12ஆம் தேதி வியாழக்கிழமை காலை 10 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் வந்து பார்ப்பார். பெல்ட்டை மாற்ற வேண்டியிருந்தால் அதன் விலையை மட்டும் நீங்கள் கட்ட வேண்டும். வருகைக்குக் கட்டணம் இல்லை. அதுவரை கிரைண்டரை ஓட்ட வேண்டாம்.”

நன்றாக இருக்கிறதா? இதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது, செய்தவன் நான். நேரத்தை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கினேன். ‘வருகைக்குக் கட்டணம் இல்லை’ என்பதை யாரும் சொல்லவில்லை. ‘பெல்ட் காசு தனி’ என்பதை நானே அப்படிப் புரிந்துகொண்டு, வாக்கியம் மொட்டையாக நிற்கிறதே என்று சேர்த்துவிட்டேன். அந்த கிரைண்டருக்கு வாரண்டி முடிந்திருந்தது. மெக்கானிக் வழக்கம்போல வருகைக் கட்டணம் கேட்டார், அந்த அம்மா என் கடிதத்தை நீட்டினார். பணத்தை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. மெக்கானிக்கின் ஏச்சை நான் ஏற்றுக்கொண்டேன்.

குரலை ஒன்றாக்கும் வேலையில் மிகவும் வழுக்கும் இடம் இதுதான். ‘போகலாம்’ என்பது ‘வருவார்’ ஆகும்போதும் ‘பார்க்கிறோம்’ என்பது ‘சரிசெய்து தருகிறோம்’ ஆகும்போதும் வாக்கின் எடை கூடிவிடுகிறது. அதனால் எங்களுக்குள் மூன்று படிகள் வைத்திருக்கிறோம்: ‘வருவார்’ என்றால் நாள் உறுதி, ‘வர வாய்ப்பு இருக்கிறது, முந்தைய நாள் மாலை உறுதிசெய்கிறோம்’ என்றால் இன்னும் தெரியாது, ‘இதை எங்களால் செய்ய முடியாது’ என்றால் முடியாது. ‘முயற்சி செய்கிறோம்’ என்ற நடுவாந்தரச் சொல்லை விலக்கிவிட்டோம், அதை ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த பொருளில் படிக்கிறார்கள். எந்தப் படி என்பதை எழுதியவர் சொல்ல வேண்டும், திருத்துபவர் ஊகிக்கக் கூடாது. அனுப்பும் முன் என் பதிலை அவருக்குக் காட்டி, “நீங்கள் சொல்லாதது ஏதாவது இதில் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்கிறேன். “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

வழிகாட்டிக் கையேடு எழுதலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். பதினான்கு பக்கத்துக்கு ஒன்று எழுதினேன், யாரும் திறக்கவில்லை. பிறகு எங்கள் கடிதங்களிலிருந்தே பன்னிரண்டு வாக்கியங்களை எடுத்து, இடப்பக்கம் வந்தபடி, வலப்பக்கம் போனபடி ஒரே தாளில் அச்சடித்து ஒட்டினேன். அதைப் படித்தார்கள், முதலில் அவரவர் வாக்கியத்தைத் தேடுவதற்காக.

எல்லாவற்றையும் ஒரே இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கவும் வேண்டாம். ‘லோடு ஏறினால் வழுக்கும்’ போன்ற மெக்கானிக்கின் விளக்கங்களை முடிந்தவரை அப்படியே விடுகிறேன். வீட்டில் கிரைண்டர் ஓட்டுபவருக்கு அது உடனே விளங்கும். மின்சாரம் தாக்கியது, விரல் நசுங்கியது போன்ற புகார்கள் என் மேசைக்கு வருவதே இல்லை. அவற்றுக்கு மேலாளர் முதலில் தொலைபேசியில் பேசுகிறார், பிறகு தம் பெயரிட்டுத் தம் சொற்களிலேயே எழுதுகிறார். அங்கே ‘தாங்கள்’ என்று வந்தாலும் நான் கைவைப்பதில்லை.