கிரால் எக்ஸ்போர்ட்டில் டைட்டில் கோளாறுகளைப் பிடிப்பது

கேள்வி: கிரால் எக்ஸ்போர்ட்டை வைத்து, தளம் முழுக்க விடுபட்ட, நீளமான, ஒரே மாதிரியான டைட்டில், டிஸ்கிரிப்ஷன்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

தளத்தின் இணைப்புகளை ஒரு மென்பொருள் பின்தொடர்ந்து, பக்கத்துக்கு ஒரு வரியாகத் தரும் அட்டவணைதான் கிரால் எக்ஸ்போர்ட். சமையலறையில் நாலு டப்பாவிலும் 'பொடி' என்றே ஒட்டியிருந்தால் மிளகாய்ப்பொடி எது என்று தெரியாது. ஒரே டைட்டில் உள்ள பக்கங்களும் தேடுபவருக்கு அப்படித்தான்.

ஸ்க்ரீமிங் ஃபிராக் என்ற கிரால் மென்பொருளின் கோப்பு என்றால், முதலில் `Indexability` நெடுவரிசையில் `Indexable` மட்டும் வடிகட்டித் தனித் தாளில் ஒட்டுங்கள். இதை விட்டால் ரீடைரக்ட் ஆகும் முகவரிகள் எல்லாம் 'டைட்டில் இல்லை' என்று வந்து நிற்கும். அப்புறம் காலிக் கட்டங்களைப் பாருங்கள். டைட்டில் B-யில் இருந்தால்:

```
=COUNTIF(B:B,B2)
```

1-க்கு மேல் வந்தால் இரட்டிப்பு. உடனே திருத்தி எழுத உட்காராமல் முகவரியைப் பாருங்கள். `/sarees` பக்கமும் `/sarees?sort=price` பக்கமும் என்றால், இரண்டாவதில், முதல் பக்கம்தான் அசல் என்று கூகுளுக்குச் சொல்லும் கேனானிகல் டேக் வைத்தாலே போதும். டிஸ்கிரிப்ஷனுக்கும் இதே வழிதான்.

60 எழுத்தைத் தாண்டினால் தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கூகுள் அப்படி வரம்பு எதுவும் வைக்கவில்லை, திரையின் அகலத்துக்கு ஏற்பத்தான் வெட்டுகிறது, அதோடு 'கொலுசு' என்ற மூன்றெழுத்தை `LEN` சூத்திரம் ஆறு என்று எண்ணும்.