கீறல் விழுந்த நான்ஸ்டிக் தவாவில் பழுப்புப் பிசுக்கு

“அக்கா, லெஸ்டர்ல நாங்க வாடகைக்கு வந்த ஃபிளாட்ல ஒரு நான்ஸ்டிக் தவா இருக்கு. ஓரமெல்லாம் பழுப்பா பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டிருக்கு, நடுவுல கீறல் வேற. சோப்பு போட்டுப் பாத்தேன், போகல. கம்பி நார் போட்டா கோட்டிங் போயிடுமா? ஓனரோட சாமான், அதான் பயமா இருக்கு.”

போயிடும் தம்பி. கம்பி நார் மட்டுமில்லை, ஸ்பாஞ்சின் பின்பக்கம் இருக்கும் அந்தப் பச்சை நாரும் வேண்டாம்.

அந்தப் பிசுக்கு பழைய எண்ணெய்தான். தோசை மாவு நடுவில் இருக்கும், ஓரத்தில் வெறும் எண்ணெய் மட்டும் மெல்லிசாகக் காய்ந்துகொண்டே இருக்கும். சூடு ஏற ஏற அது வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். முழுதாக இறுகாத வரைக்கும் கையில் ஒட்டும். புது எண்ணெயைச் சோப்பு எடுத்துவிடும், இதை எடுக்காது. இங்கே டப்பாவில் விற்கும் எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பவர்கள் வீட்டில் இது இன்னும் மோசம். அதில் கலந்திருக்கும் லெசித்தின் சூட்டில் கோந்தாகப் படிந்துவிடும்.

இதற்கு நம்ம ஆப்ப சோடா போதும். சூப்பர்மார்க்கெட்டில் கேக் சாமான் இருக்கும் வரிசையில் ‘பைகார்பனேட் ஆஃப் சோடா’ என்று கிடைக்கும். துணி துவைக்கும் சாமான் பக்கம் ‘சோடா கிரிஸ்டல்ஸ்’ என்று ஒன்று இருக்கும், அதை எடுத்துவிடாதே. அது சலவை சோடா, காரம் பல மடங்கு அதிகம். பெரும்பாலான நான்ஸ்டிக் தவாக்களின் உள்ளுடம்பு அலுமினியம். காரம் அலுமினியத்தை அரிக்கும். கோட்டிங் முழுசாக இருந்தால் அது மூடிக் காப்பாற்றும், உன் தவாவிலோ கீறல் வழியே காரம் உள்ளே இறங்கி, கோட்டிங்கை அடியிலிருந்து கிளப்பிவிடும். டிஷ்வாஷரில் போடாதே என்பதும், ஓவன் கழுவும் ஸ்ப்ரேயை அடிக்காதே என்பதும் இதனால்தான்.

தவாவில் பிசுக்கு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்று. இரண்டு கப் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா. சிறுதீயில் லேசாகக் குமிழி வரும்படி பத்து நிமிடம் விட்டு, மரக் கரண்டியால் ஓரத்தை மெல்லத் தள்ளிப் பார். பழுப்பு சுருண்டு வரும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்; ஆப்ப சோடாவும் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சலவை சோடாவாக மாறும். ராத்திரி முழுக்க ஊற வைப்பதும் தப்பு, காரம் கீறலில் நெடுநேரம் நிற்கும். அடுப்பை அணைத்து, தானாக ஆறவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடு. சூடான தவாவைக் குழாயடியில் பிடித்தால் அடி வளைந்து, தட்டையான மின் அடுப்பில் ஆட ஆரம்பித்துவிடும்.

மீதி இருக்கும் இடத்துக்கு மட்டும் மூன்று பங்கு சோடா, ஒரு பங்கு தண்ணீர் குழைத்துத் தடவு. கால் மணி நேரம் கழித்து ஸ்பாஞ்சின் மெத்தென்ற பக்கத்தால் அழுத்தாமல் துடை. கீறல் இருக்கும் இடத்தில் பழைய பல் பிரஷ்ஷை எடுத்து, கீறல் போகும் திசையிலேயே தேய். குறுக்கே தேய்த்தால் விளிம்பு பிய்ந்து கிளம்பும். சோடாவோடு வினிகரையும் கலக்கச் சொல்லுவார்கள். நுரை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்துவிடுவதால் பிரயோசனமில்லை.

எங்கே நிறுத்துவது என்பதுதான் முக்கியம். கழுவித் துடைத்துவிட்டு, ஆறின தவாவில் சில சொட்டுத் தண்ணீர் தெளி. முத்தாக உருண்டால் அங்கே கோட்டிங் சுத்தம்; நிறம் மங்கலாக இருந்தாலும் அது வெறும் கறை, விட்டுவிடு. தண்ணீர் பரவி ஒட்டினால், விரலால் தடவிப் பார். பிசுபிசுப்பு இருந்தால் இன்னொரு தடவை குழைத்துத் தடவலாம். வழவழப்பே இல்லாமல் சாம்பல் நிற உலோகம் தெரிந்தால் அங்கே கோட்டிங்கே இல்லை, எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. நகம் பட்டாலே செதில் செதிலாக உரிகிறது என்றால் அந்தத் தவாவின் ஆயுள் முடிந்தது. துணுக்கு வயிற்றில் போனால் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும், அதற்குப் பயப்படாதே. ஆனால் சாப்பாட்டில் கறுப்புத் துகள் யாருக்கு வேண்டும்?

இனிமேல் வெறும் தவாவை முழுச் சூட்டில் காயவிடாதே. 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கோட்டிங்கே சிதைய ஆரம்பிக்கும், அதன் புகை நல்லதில்லை. மிதமான சூடு, மாவு ஊற்றும் முன் எண்ணெய் தொட்ட டிஷ்யூவால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். தினமும் தோசை என்றால் உனக்கென்று ஒரு இரும்புக்கல் வாங்கிக்கொள், இந்தத் தவா ஆம்லெட்டுக்கு இருக்கட்டும்.

ஓனர் விஷயம்: நீ குடிவந்தபோது கொடுத்த சாமான் பட்டியலில் இந்தத் தவாவும் கீறலும் குறித்திருக்கிறார்களா பார். இல்லையென்றால் கழுவுவதற்கு முன்பே படம் எடுத்து ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடு.