மேடை நிகழ்ச்சியில் டிரோன் பார்வையாளர் மேல் விழுந்தால், அறிக்கையில் பறப்பு விவரங்களை எப்படி எழுத வேண்டும்?

"சமூக மன்ற நிகழ்ச்சியைப் படம் எடுத்துக்கொண்டிருந்த டிரோன் கூட்டத்தில் ஒருவர் தோளில் விழுந்தது. 'கட்டுப்பாட்டை இழந்தது' என்று எழுதினேன், போதாது என்கிறார்கள். இன்னும் என்ன எழுத வேண்டும்?"

அடிபட்டவருக்கு 995 அழைத்தாகிவிட்டது, பேட்டரியைக் கழற்றியாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். டிரோனை இனி பறக்கவிடாதீர்கள், மென்பொருளைப் புதுப்பிக்காதீர்கள். கட்டுப்பாட்டுக் கருவியில் இருக்கும் பறப்புப் பதிவை முதலில் வேறிடத்தில் நகல் எடுங்கள். அறிக்கையை உங்கள் நினைவிலிருந்து எழுதாமல் அந்தப் பதிவைப் பார்த்து எழுதுங்கள்.

"கட்டுப்பாட்டை இழந்தது" என்பது காரணம் ஆகாது. நீங்கள் கட்டுப்பாட்டுக் குச்சியைத் தள்ளியும் டிரோன் கேட்கவில்லையா, நீங்கள் தள்ளவே இல்லையா, அல்லது வேறு பக்கம் தள்ளினீர்களா? மூன்றும் வேறு வேறு விபத்துகள். டிஜேஐ பதிவை அட்டவணையாக மாற்றினால் `OSD.flycState` என்ற நிரலில் பறப்பு முறையும், `RC.elevator`, `RC.aileron` நிரல்களில் உங்கள் குச்சி அசைவும் நொடிக்குப் பல வரிகளாக இருக்கும். முறை மாறிய வரியிலிருந்து மோதிய வரி வரைக்கும்தான் அறிக்கையின் உயிர்.

ஓர் எடுத்துக்காட்டு. 900 கிராம் டிரோன். பலமாடிக் கார்நிறுத்தத்தின் மேல்தளத்திலிருந்து, கீழே உள்ள திடல் மேடையைப் படம் எடுக்கக் கிளம்புகிறது. தளம் திடலைவிட 18 மீட்டர் உயரம். தளத்துக் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருப்பதால், டிரோனை அங்கே இயக்கும்போதே திசைகாட்டி தவறான வடக்கைப் பிடித்துக்கொள்கிறது. மேலே எழும்பி தளத்தைவிட்டு விலகி மேடை உயரத்துக்கு இறங்கியதும், திசைகாட்டி காட்டும் திசையும் ஜிபிஎஸ் காட்டும் நகர்வும் முரண்படுகின்றன. டிரோன் முதலில் வட்டமடித்து, வட்டம் பெரிதாகி, பிறகு ஜிபிஎஸ் பிடிப்பை விட்டு ATTI முறைக்குப் போகிறது. அதில் அது தன் சமநிலையையும் உயரத்தையும் மட்டுமே காக்கும், இடத்தைக் காக்காது. நொடிக்கு 5 மீட்டர் காற்று மேடைப் பக்கம் அடித்தால், 6 நொடியில் ஏறத்தாழ 25 மீட்டர் நகர்ந்து விளக்குச் சட்டத்தில் மோதி விழும்.

இங்கே உயரத்தை எழுதுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பதிவில் உள்ள `OSD.height` கிளம்பிய இடத்திலிருந்து அளந்தது. மேடைச் சட்டம் திடலிலிருந்து 12 மீட்டர் என்றால், பதிவு −6 மீட்டர் காட்டும். அதை 6 மீட்டர் என்று எழுதினால் விழுந்த உயரமே பாதியாகிவிடும். 12 மீட்டரிலிருந்து ஒருவரின் தோள் உயரம் வரை சுமார் 10.5 மீட்டர், காற்றின் தடையை விட்டுவிட்டால் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காயத்தைப் பார்க்கும் மருத்துவருக்கும் விசாரிப்பவருக்கும் வேண்டிய எண் அது. சிங்கப்பூரின் 200 அடி வரம்போ கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே கிளம்பிய இடம், திடல், கடல் மட்டம் என மூன்று உயரங்களையும் தனித்தனியே எழுதுங்கள். நேரமும் அப்படியே: பதிவில் 11:42 என்றிருந்தால் அது யுடிசியா, நம் மாலை 7:42-ஆ என்று சொல்லிவிடுங்கள்.

இதே போல வேறு காரணங்களும் பதிவில் தெரியும். முறை மாறாமல் டிரோன் திடீரென ஒரு பக்கம் சாய்ந்து உருண்டால் இறக்கை அல்லது மோட்டாரைப் பாருங்கள். செல் மின்னழுத்தம் சரிந்தபின் இறங்கினால் பேட்டரியைப் பாருங்கள்.

கிளம்புமுன் போட்ட அமைப்புகளையும் எழுதுங்கள்: வீட்டுப் புள்ளி, திரும்பும் உயரம், வேலி எல்லை. 2024 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் டிரோன் கண்காட்சியில் ஒரு சிறுவன் கடுமையாக அடிபட்டான். அங்கே காட்சியின் திசையமைப்பே 7 பாகை திரும்பியிருந்தது பிறகு தெரிந்தது. பறப்பு தொடங்கும்முன்பே பிழை உட்கார்ந்திருந்தது.

'இதையெல்லாம் எழுதினால் நம்மையே மாட்டிவிடும்' என்று இங்கே யாராவது சொல்வார்கள். விசாரிப்பவர்கள் எப்படியும் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். அறிக்கையும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால்தான் சிக்கல். நான் வழக்கறிஞர் அல்ல. காப்பீட்டு நிறுவனத்திடம் பேசுமுன் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி எண்ணையும் அதன் நிபந்தனைகளையும் அறிக்கையோடு இணையுங்கள்.

ஏற்பாட்டாளர்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கூட்டத்துக்கு மேலே ஒரு சுற்று போங்கள் அண்ணே, படம் நல்லா வரும்" என்பார்கள், தடுப்புக் கயிற்றை நிகழ்ச்சி நடுவில் முன்னே தள்ளி நாற்காலி போடுவார்கள், விபத்து வந்தால் பெயர் பறக்கவிட்டவருக்கு மட்டும். கயிறு எங்கே இருந்தது, யார் எப்போது நகர்த்தினார்கள் என்பதையும் அறிக்கையில் ஒரு வரியாக வையுங்கள், படம் இருந்தால் நேரத்தோடு சேர்த்து. உடைந்த இறக்கைத் துண்டுகளைத் தூக்கிப் போடாமல் பையில் கட்டி வைத்திருங்கள். பழைய விரிசலா, மோதியதில் உடைந்ததா என்று அவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும்.