பாதி கேட்டவர் முழு ஸனது வைத்துக்கொள்ளலாமா?

"அரபு நாட்டு ஷைக் ஒருவரிடம் ஸஹீஹுல் புகாரிக்கு ஸனது, அதாவது அறிவிப்பாளர் தொடர், வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் என்னை இணைய மஜ்லிஸில் சேர்த்துவிட்டார். பத்து நாள் நடந்தது. வேலை இருந்ததால் பாதிதான் கேட்டேன். சான்றிதழில் 'முழுவதும் செவியுற்றார்' என்று என் பெயர் போட்டு வந்திருக்கிறது. கடைசி நாளில் ஷைக் எல்லோருக்கும் இஜாஸாவும் கொடுத்தார். நான் இனி 'ஹத்தஸனா' என்று சொல்லி அறிவிக்கலாமா? கேட்பது, ஓதிக்காட்டுவது, இஜாஸா மூன்றில் எது பெரியது?"

முழு நூலுக்கும் 'ஹத்தஸனா', அதாவது 'எங்களுக்கு அறிவித்தார்' என்று சொல்லக் கூடாது. கேட்ட பாதிக்கு, ஷைகே வாசித்திருந்தால், சொல்லலாம், கேட்காத பாதிக்குக் கூடாது. ஆனால் அந்த மீதிப் பாதி வீணாகிவிட்டதாக நினைக்க வேண்டாம், அதற்கும் வழி இருக்கிறது. முதலில் மூன்றும் என்னவென்று பார்த்துவிடுவோம்.

ஆசிரியர் தம் வாயால் சொல்ல அல்லது வாசிக்க, மாணவர் கேட்பது ஸமாஃ. மாணவர் ஓத, ஆசிரியர் கேட்டுக்கொண்டிருப்பது கிராஅத். ஓதியதை ஆசிரியர் முன் வைத்துச் சரிபார்ப்பதால் இதை அர்ள் என்றும் சொல்வார்கள். நீங்களே ஓத வேண்டியதில்லை, பக்கத்தில் இருப்பவர் ஓத நீங்கள் கேட்டிருந்தாலும் இந்த வகைதான். இவை எதுவும் இல்லாமல், 'என்னிடமிருந்து இதை அறிவிக்க உனக்கு அனுமதி' என்று சொல்லாலோ எழுத்தாலோ கொடுப்பது இஜாஸா. இன்னும் சில வகைகள் உண்டு, உங்கள் விஷயத்துக்கு அவை தேவைப்படாது.

பெரும்பாலானவர்கள் ஸமாஃதான் மேல், அடுத்தது கிராஅத், அதற்கும் கீழே இஜாஸா என்று சொல்வார்கள். முதல் இரண்டுக்கும் நடுவே பழைய வழக்கு ஒன்று உண்டு. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) மாணவர் ஓதுவதே மேல் என்று சொன்னதாக அறிவிக்கப்படுகிறது. காரணம் எளிது. ஆசிரியர் வாசிக்கும்போது ஒரு சொல் தவறினால் எதிரில் இருக்கும் மாணவன் வாய் திறக்க மாட்டான், ஒருவேளை அவனுக்குத் தெரியவும் தெரியாது. மாணவன் தவறினால் ஆசிரியர் அங்கேயே பிடித்துவிடுவார். இமாம் மாலிக் (ரஹ்), இமாம் புகாரி (ரஹ்) போன்றவர்கள் இரண்டும் சமம் என்றார்கள். புகாரி தம் நூலின் கல்விப் பாகத்தில் இதற்கென்றே ஒரு பாடம் வைத்து, ளிமாம் பின் ஸஃலபா (ரலி) அவர்களின் சம்பவத்தைக் காட்டுகிறார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, 'அல்லாஹ்தான் உங்களுக்கு இதைக் கட்டளையிட்டானா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நபியவர்கள் 'ஆம்' என்றார்கள். அவர் போய்த் தம் கூட்டத்தாரிடம் சொன்னார், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஓதிக்காட்டியதற்கு ஆசிரியர் 'ஆம்' சொன்னால் போதும் என்பதற்கு அது ஆதாரம்.

மாலிக் இமாமின் மஜ்லிஸில் அவருடைய ஹதீஸ் நூலான முவத்தாவை மாணவர்கள்தான் ஓதுவார்கள், அவர் கேட்பார். பதினேழு வருடம் அவருடன் இருந்த மாணவர் முதர்ரிஃப், அவர் ஒருவருக்கும் முவத்தாவை வாசித்துக் காட்டி நான் பார்த்ததில்லை என்றார். வாசித்துத்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடித்த சிறுவன் ஹிஷாம் பின் அம்மாருக்கு அடி விழுந்ததாகவும், பிறகு மனம் இளகி அடிக்கு ஒன்றாக ஹதீஸ் சொல்லிக் கொடுத்ததாகவும் ஒரு கதை உண்டு. நம் மத்ரஸாக்களில் கடைசி வருடம் மாணவர் நூலின் மூல வாசகமான இபாரத் ஓத, உஸ்தாத் கேட்டு விளக்குகிறாரே, அதுவும் இந்த வழிதான். அதனால் கிராஅத்தை இரண்டாம் தரம் என்று குறைத்துப் பேச வேண்டாம்.

கேட்டதைச் சொல்லும் சொல்லும் முக்கியம். பின்னாட்களில் நிலைத்த வழக்கப்படி, ஆசிரியர் வாயால் கேட்டால் 'ஹத்தஸனா' அல்லது 'ஸமிஃது'. ஓதிக்காட்டினால் 'அக்பரனா'. இஜாஸா என்றால் 'அன்பஅனா', இல்லாவிட்டால் 'இஜாஸதன்' என்று வெளிப்படையாகவே சொல்வார்கள். புகாரி முதல் இரண்டையும் பெரிதாகப் பிரிக்கவில்லை, முஸ்லிம் (ரஹ்) கவனமாகப் பிரித்தார். இஜாஸாவில் வாங்கியதற்கு 'அக்பரனா' என்று சொல்லிவிட்டு அதை விளக்காமல் விட்டதற்காக, ஹிஜ்ரி 430-இல் இறந்த அபூ நுஐம் அல்இஸ்ஃபஹானி போன்ற பெரியவரையே குறை சொன்னார்கள். அப்படியிருக்க, நமக்கு மட்டும் சலுகை எங்கிருந்து வரும்?

இப்போது உங்கள் பாதிக்கு வருகிறேன். நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய இடம் இது. இஜாஸா கீழ்ப்படிதான். அதை வைத்தே அறிவிக்கலாம் என்றால் ஹதீஸ் தேடிப் பயணம் எதற்கு என்று முற்கால ஹதீஸ் அறிஞர் ஷுஃபா (ரஹ்) கேட்டதாகச் சொல்வார்கள். ஆனால் அதற்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. கேட்ட நூலில் விழுந்த ஓட்டைகளை அது அடைக்கும். மஜ்லிஸில் ஒரு சொல் காதில் விழாமல் போகலாம், ஓதுபவர் விரைந்து ஓதலாம், உங்களுக்குக் கண் சொக்கலாம். அதனால்தான் நூல் முடியும்போது ஷைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் முழு நூலுக்கும் இஜாஸா கொடுத்துவிடுவது நல்லது என்று ஹிஜ்ரி 643-இல் இறந்த ஹதீஸ் கலை அறிஞர் இப்னுஸ் ஸலாஹ் எழுதினார். ஸமாஃவுக்கு இஜாஸா இல்லாமல் தீராது என்று முஸ்லிம் ஸ்பெயினான அந்தலூஸின் இப்னு அத்தாபும் சொன்னார். உங்கள் ஷைக் கடைசி நாளில் செய்ததும் இந்த வேலைதான்.

ஓட்டையை ஒளிக்காமல் அடைப்பது எப்படி என்பதற்கு யஹ்யா பின் யஹ்யா அல்லைஸி இருக்கிறார். அந்தலூஸிலிருந்து மதீனா போய், மாலிக் இமாம் இறந்த ஹிஜ்ரி 179-இல் அவரிடம் முவத்தாவைக் கேட்டவர். இன்று உலகம் முழுக்க ஓதப்படும் முவத்தா பெரும்பாலும் இவருடையதுதான். ஆனால் இஃதிகாஃப் பகுதியில் சில பாடங்களை மாலிக்கிடம் கேட்டோமா இல்லையா என்று இவருக்குச் சந்தேகம் வந்தது. என்ன செய்தார்? தம் ஊரில் ஏற்கெனவே தமக்கு முவத்தாவைச் சொல்லிக்கொடுத்திருந்த ஸியாத் பின் அப்துர் ரஹ்மான் வழியாக அந்தப் பாடங்களை அறிவித்தார். இன்றும் அச்சிட்ட முவத்தாவில் அந்த இடம் வந்ததும் 'ஸியாதிடமிருந்து, அவர் மாலிக்கிடமிருந்து' என்று ஸனது ஒரு படி நீண்டுவிடும், மற்ற இடங்களில் நேரே மாலிக். முழு நூலையும் கேட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? ஒரு படி நீளம் என்பது ஹதீஸ்காரர்களுக்குச் சின்ன நஷ்டமும் இல்லை. அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டார்.

உங்கள் சான்றிதழ் செய்திருப்பது நேர் எதிர்.

இதில் ஷைகைக் குறை சொல்ல முடியாது. பலர் வயதானவர்கள், அடிக்கடி கையெழுத்துக் கேட்டு வருகிறார்கள். நடுவில் இருக்கும் ஏற்பாட்டாளர்களைத்தான் சொல்கிறேன். மஜ்லிஸ் தொடங்கும் முன்பே சான்றிதழ் அச்சாகியிருக்கும், பெயருக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். வருகைப் பதிவு இருக்காது. நான் ஒரு முறை சேர்ந்த இடத்தில், ஆறு நூல்களிலும் முதல் ஹதீஸை மட்டும் ஓதிவிட்டு, சான்றிதழில் ஆறு நூல்களையும் 'ஓதினார்' என்று போட்டுக் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுத்தபோது, 'எல்லாரும் வாங்கிட்டாங்க, உங்களுக்கு மட்டும் என்ன?' என்று கேட்டார்கள். முதல் ஹதீஸை ஓதிவிட்டு மீதிக்கு இஜாஸா வாங்குவது பழைய வழக்கம்தான், தப்பே இல்லை. ஆனால் அப்படியே எழுத வேண்டும்: 'கிராஅதன் லிஅவ்வலிஹி, வ இஜாஸதன் லிபாகீஹி'. தொடக்கம் ஓதல், மீதி அனுமதி. இந்த இரண்டு சொற்களை எழுத யாருக்கும் கை வரவில்லை. இன்னொரு பக்கம், 'என் காலத்தில் இருக்கும் எல்லோருக்கும் இஜாஸா' என்று ஒருவர் பொதுவாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஸனது குட்டை என்று விளம்பரம் செய்கிறார்கள். இஜாஸாவே பலவீனம், இப்படி விரித்துக்கொண்டே போனால் இன்னும் பலவீனம் என்று இப்னுஸ் ஸலாஹ் அன்றே சொல்லிவிட்டார். அவரை இவர்களே மேடையில் மேற்கோள் காட்டுவார்கள்!

நாள் குறைவு என்பதைக் குறையாகப் பார்க்காதீர்கள். கதீப் அல்பக்தாதி மக்காவில் கரீமா அல்மர்வஸிய்யா என்ற பெண் முஹத்திஸிடம் ஐந்தே நாளில் புகாரியை முடித்தார். இருந்தாரா, கேட்டாரா என்பதுதான் கேள்வி.

அதற்காகத்தான் பழைய கையெழுத்துப் பிரதிகளின் ஓரத்திலும் கடைசித் தாளிலும் ஸமாஃ பட்டியல் எழுதினார்கள். யார் ஓதியது, யார் யார் கேட்டது, எந்த இடம், எந்தத் தேதி, யார் எந்தப் பகுதிக்கு வராமல் போனார் என்று எல்லாம் அதில் இருக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 'கேட்டான்' என்று எழுதாமல் 'ஆஜரானான்' என்று எழுதும் அளவுக்குக் கறார்.

அந்தக் காகிதத்தின் வேலையை திமிஷ்க் என்ற டமாஸ்கஸின் அல்ஹஜ்ஜாரிடம் பார்க்கலாம். அவர் கல் வேலைக்காரர், ஆலிம் இல்லை. சிறுவனாக இருந்தபோது, ஹிஜ்ரி 630-இல், இப்னுஸ் ஸபீதியிடம் புகாரி ஓதப்பட்ட மஜ்லிஸில் உட்கார்ந்திருந்தார். எழுபது வருடத்துக்கு மேல் யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. 706 வாக்கில் பழைய பட்டியல்களைப் புரட்டியவர்கள் கண்ணில் அவர் பெயர் பட்டது. ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார்! அவருக்கும் இமாம் புகாரிக்கும் நடுவே ஐந்தே பேர். அதன் பிறகு 730-இல் இறக்கும்வரை அவரிடம் புகாரி ஓதக் கூட்டம் குவிந்தது. ஒரு கல் தச்சர் கேட்டதற்கு இத்தனை மதிப்பு வந்தது, அவர் அங்கே இருந்தார் என்று யாரோ நேர்மையாக எழுதி வைத்ததால்தான். உங்கள் மஜ்லிஸில் அப்படி ஒரு பட்டியல் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

இணையத்தில் கேட்டது செல்லுமா என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கும். திரைக்குப் பின்னால் இருப்பவரின் குரல் இன்னாருடையது என்று உறுதியாகத் தெரிந்தால் கேட்கலாம் என்று முன்னோர் அனுமதித்திருக்கிறார்கள். நேரலையை அதன்படி ஏற்கலாம் என்பது என் கருத்து. பிறகு பதிவைப் போட்டுக் கேட்டதை மட்டும் ஸமாஃ கணக்கில் சேர்க்காதீர்கள். ஷைக் அந்த நேரத்தில் உங்களுக்கு அறிவிக்கவில்லை.

சரி, செய்ய வேண்டியது இதுதான். எந்தெந்த நாள் நேரலையில் இருந்தீர்கள், எந்தப் பாகத்திலிருந்து எதுவரை கேட்டீர்கள் என்று உங்கள் கையால் எழுதுங்கள். அரைகுறையாக நினைவு இருக்கும் பாடத்தைக் கேட்காத பக்கத்தில் போடுங்கள், யஹ்யா செய்தது போல. ஷைகே வாசித்தாரா, வேறொருவர் ஓத ஷைக் கேட்டாரா என்றும் குறியுங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும், அப்படியானால் கேட்ட பகுதிக்கும் உங்கள் சொல் 'அக்பரனா'. சான்றிதழை இடைத்தரகரிடம் தராமல் ஷைகிடமோ அவருடைய பிள்ளை, மாணவரிடமோ நேரே அனுப்பி, 'இன்ன பகுதிவரை ஸமாஅன், மீதி இஜாஸதன்' என்று திருத்தி வாங்குங்கள். நான் கேட்ட ஷைக் ஒருவர் உடனே பேனாவை எடுத்துத் திருத்திவிட்டார், சந்தோஷமும் பட்டார். திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். திருத்தம் கிடைக்கவில்லையென்றால் அந்தத் தாளை அலமாரியில் வைத்துவிட்டு, நீங்கள் எழுதிய குறிப்பை வைத்தே அறிவியுங்கள்.