இருப்பு கீ/இ எழுதியாயிற்று, கீ/கொ எங்கே?

கேள்வி: கண்ணன் கணக்கில் பற்று இருப்பு என்கிறார்கள். ஆனால் இருப்பு கீ/இ, அதாவது கீழ் இறக்கப்பட்ட இருப்பு, என்பதை வரவுப் பக்கத்தில் எழுதச் சொல்கிறார்கள். இது முரண்பாடாக இல்லையா? அதை எழுதிய பிறகு கீ/கொ, அதாவது கீழ் கொண்டுவரப்பட்ட இருப்பு, என்று இன்னொரு முறை வேறு எதற்கு எழுத வேண்டும்?

நீங்கள் அனேகமாகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள். "எந்தப் பக்கம் கூட்டுத்தொகை குறைவோ அந்தப் பக்கம் வித்தியாசத்தைப் போடு" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார். மதிப்பெண் வாங்க அது போதும். வேலைக்குப் போனால் போதாது. அது எப்படிப் போதாது என்று கண்ணால் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் கண்ணனையே எடுத்துக்கொள்வோம். மார்ச் 3 அன்று அவருக்குக் கடனுக்கு 12,000-க்குச் சரக்கு விற்கிறோம். மார்ச் 9 அன்று 1,500 மதிப்புள்ள சரக்கைத் திருப்பி அனுப்புகிறார். மார்ச் 20 அன்று 5,800 ரொக்கம் தருகிறார். சொன்ன தேதிக்கு முன்பே தந்ததால் 200 தள்ளுபடி கொடுத்து, 6,000 தீர்ந்ததாக வைத்துக்கொள்கிறோம்.

குறிப்பேட்டில் மூன்று பதிவுகள். முதல் இரண்டில் சிக்கல் இல்லை. மூன்றாவது கூட்டுப் பதிவு: ரொக்கக் கணக்கு பற்று 5,800, அளித்த தள்ளுபடிக் கணக்கு பற்று 200, கண்ணன் கணக்கு வரவு 6,000. இதைப் பேரேட்டுக்கு எடுத்தெழுதும்போது கண்ணன் கணக்கின் வரவுப் பக்கத்தில் 6,000 என்று ஒரே வரி போடாதீர்கள். எதிர்க்கணக்குகள் இரண்டு, அதனால் வரியும் இரண்டு. இப்போது அவர் கணக்கு இப்படி நிற்கும்:

பற்றுப் பக்கம்
மார்ச் 3, விற்பனை க/கு: 12,000

வரவுப் பக்கம்
மார்ச் 9, விற்பனைத் திருப்பம் க/கு: 1,500
மார்ச் 20, ரொக்க க/கு: 5,800
மார்ச் 20, அளித்த தள்ளுபடி க/கு: 200

பற்று 12,000, வரவு 7,500. வித்தியாசம் 4,500. கண்ணன் நமக்குத் தர வேண்டியது அதுதான், எனவே பற்று இருப்பு. சரி, இப்போது மாதத்தை முடிக்க வேண்டும். மார்ச் 31 தேதியிட்டு வரவுப் பக்கத்தில் "இருப்பு கீ/இ 4,500" என்று எழுதுகிறோம். இரு பக்கமும் 12,000 ஆகிவிடும். இரண்டு கூட்டுத்தொகையையும் ஒரே மட்டத்தில் எழுதி, அடியில் இரட்டைக் கோடு.

உங்கள் குழப்பம் இங்கேதான். அந்த வரவுப் பக்க 4,500-ஐக் கண்ணன் தந்ததாகப் பார்க்கிறீர்கள். அவர் தரவில்லை. அந்த வரி மார்ச் மாதத்துக் கணக்கிலிருந்து 4,500-ஐ வெளியே எடுக்கிறது, அவ்வளவுதான். வெளியே எடுத்ததை உடனே ஏப்ரலுக்குள் வைத்தாக வேண்டும். எனவே இரட்டைக் கோட்டுக்குக் கீழே, ஏப்ரல் 1 தேதியிட்டு, பற்றுப் பக்கத்தில் "இருப்பு கீ/கொ 4,500". ஒரே கணக்குக்குள் ஒரு வரவும் ஒரு பற்றும். இரட்டைப் பதிவு முறையில் எந்தப் பதிவுக்கும் இரண்டு பாதி உண்டல்லவா, இதற்கும் அப்படித்தான். கீ/இ ஒரு பாதி, கீ/கொ மறு பாதி. முரண்பாடே இல்லை. எல்லாக் கணக்குகளின் இருப்பையும் பற்று, வரவு என்று பிரித்துப் பட்டியலிடும் இருப்பாய்வுக்குப் போக வேண்டியது இரண்டாவது பாதி, அதாவது கோட்டுக்குக் கீழே இருக்கும் பற்று 4,500.

இதைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் என் கதை.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்போது பேரேடு கையெழுத்தில்தான். எனக்கு மேலே ஒருவர் இருந்தார். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கோடு போடுவதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஒவ்வொரு கணக்கிலும் கீ/இ எழுதி, கூட்டி, இரட்டைக் கோடு போட்டு, பக்கத்தைத் திருப்பிவிடுவார். கீ/கொ எழுத மாட்டார். "எதற்கு ஒரே தொகையை இரண்டு தடவை எழுதணும், இங்க்தான் வீண்" என்பார். அப்புறம் கீ/இ எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே பார்த்து இருப்பாய்வுப் பட்டியல் போடுவார்.

பட்டியல் சமமாகிவிட்டது! ஒரு பைசா வித்தியாசம் இல்லை. யோசித்துப் பார்த்தால் ஆகத்தான் செய்யும். எல்லாக் கணக்கும் ஒன்றுவிடாமல் பக்கம் மாறியிருந்தால், பற்று மொத்தமும் வரவு மொத்தமும் இடம் மாறுமே தவிரத் தொகை மாறாது. நான் பட்டியலை வாங்கிப் பார்த்ததும் கண்ணில் பட்டது ரொக்கக் கணக்கு. வரவுப் பத்தியில் இருந்தது. கையில் இருக்கும் ரொக்கத்துக்கு வரவு இருப்பு வரவே வராது. இருப்பதைவிட அதிகமாக எடுத்துக் கொடுக்க யாராலும் முடியாதே. வங்கிக் கணக்கு என்றால் மிகைப்பற்று என்று சொல்லலாம். ரொக்கப் பெட்டிக்கு அந்த வசதி இல்லை. அதற்குப் பிறகு பார்த்தால் உரிமையாளர் போட்ட முதல் என்ற கணக்கு பற்றுப் பத்தியில், கொள்முதல் வரவுப் பத்தியில். முழுப் பட்டியலும் தலைகீழ்.

சொன்னேன். "டேலி ஆயிடுச்சு, அப்புறம் என்ன" என்றார். நான் புதியவன், அவர் பழையவர். அதற்கு மேல் பேச முடியவில்லை. (இதைப் படித்துவிட்டு "பெரியவரைக் குறை சொல்லலாமா" என்று கேட்க வருபவர்களுக்கு: அவருடைய கூட்டலில் நான் ஒரு தடவைகூடப் பிழை பார்த்ததில்லை. கூட்டல் வேறு, இருப்புக் கட்டுவது வேறு.)

அடுத்த மாதம் இன்னும் மோசம். கோட்டுக்குக் கீழே தொடக்க இருப்பு இல்லாததால் எல்லாக் கணக்கும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. நம் கண்ணனையே வைத்துச் சொல்கிறேன். ஏப்ரல் 10 அன்று அவர் மீதி 4,500-ஐக் கட்டிவிடுகிறார். கீ/கொ எழுதியிருந்தால் பற்று 4,500, வரவு 4,500, கணக்கு தீர்ந்தது. எழுதாததால் வரவில் 4,500 மட்டும் தனியாக நிற்கிறது. அதாவது கண்ணனுக்கு நாம் தர வேண்டியிருப்பதாகப் பேரேடு சொல்கிறது. அங்கே அப்படித்தான் ஒரு வாடிக்கையாளருக்கு அவருடைய முன்பணம் நம்மிடம் இருப்பதாகக் கணக்குச் சீட்டு போய்விட்டது. அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். இதில் வேடிக்கை, அந்த மாத இருப்பாய்வும் சமம்தான். எல்லாத் தொடக்க இருப்பும் ஒட்டுமொத்தமாக விடுபட்டால் இரு பக்கமும் ஒரே அளவு குறையும். இருப்பாய்வை மட்டும் நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடைசியில் சரிசெய்தது நான்தான் என்று பெருமைக்குச் சொல்லவில்லை, ஆனால் நான்தான். செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, ஒவ்வோர் இரட்டைக் கோட்டுக்கும் கீழே, கீ/இ இருந்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில், அதே தொகையில், அடுத்த நாள் தேதியில் கீ/கொ இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லாத இடத்தில் எழுதினேன். அதன் பிறகு ரொக்க இருப்பைப் பெட்டியில் எண்ணிய பணத்தோடு ஒப்பிட்டேன். இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத இந்த வகைப் பிழையை அந்த ஒப்பீடு காட்டிக்கொடுத்துவிடும். ஆண்டு முடிவில் கையெழுத்துப் போட்டவர் பெயர்தான் பாராட்டில் வந்தது. ராத்திரி உட்கார்ந்து வித்தியாசம் தேடுகிறவனுக்கு எந்த இடத்திலும் பெயர் கிடையாது. சம்பள உயர்வு கேட்டால் "நீங்க கணக்கு எழுதுறவர்தானே" என்பார்கள். சரி, அது வேறு கதை.

ஒரே ஒரு கணக்கில் மட்டும் பக்கம் மாறினால் இருப்பாய்வு காட்டிக்கொடுத்துவிடும். கண்ணனின் 4,500 பற்றுப் பத்திக்குப் பதில் வரவுப் பத்தியில் போனால் ஒரு பக்கம் 4,500 குறையும், மறு பக்கம் 4,500 கூடும், வித்தியாசம் 9,000. அதனால் வித்தியாசம் வந்தால் முதலில் அதில் பாதித் தொகை எந்தக் கணக்கின் இருப்பாகவாவது இருக்கிறதா என்று தேடுங்கள். எடுத்தெழுதும்போதே ஒரு தொகை தப்பான பக்கம் போயிருந்தாலும் இதே இரட்டிப்புதான் வரும், எனவே இருப்புகளில் கிடைக்காவிட்டால் அந்தப் பாதித் தொகையைக் குறிப்பேட்டில் தேடுங்கள்.

எடுத்தெழுதுவதைப் பற்றி ஒன்றே ஒன்று. பேரேட்டுப் பக்க எண்ணைக் குறிப்பேட்டில் எப்போது எழுதுவது என்பது முக்கியம். பலர் எல்லா எண்களையும் முதலிலேயே மொத்தமாகப் போட்டுவிடுவார்கள். தொகையைப் பேரேட்டில் எழுதி முடித்த பிறகுதான் அந்த எண்ணை எழுத வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போனாலும், திரும்பி வரும்போது எண் இல்லாத வரியிலிருந்து தொடரலாம். முன்கூட்டியே போட்டால் மேலே சொன்ன 200 தள்ளுபடி மாதிரிச் சின்ன வரிகள் சத்தமில்லாமல் விடுபடும். விடுபட்டதோடு ரொக்கக் கணக்கில் 5,800-க்குப் பதில் 6,000 என்றும் எழுதியிருந்தால் இருப்பாய்வு சமமாகிவிடும், பெட்டியில் மட்டும் 200 குறையும். அப்போது சந்தேகம் ரொக்கம் பார்க்கிறவர் மேல் விழும். பாவம்.

"இப்போது எல்லாம் கணினிதான், இதெல்லாம் எதற்கு" என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இருப்பைக் காட்டும் பத்தி வடிவத்தில் கீ/இ, கீ/கொ தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் கேட்டவர் இரு பக்கப் பேரேட்டைப் பற்றிக் கேட்டார், அதற்குத்தான் பதில்.

இன்னொன்று, இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாத நடுவிலோ மாத முடிவிலோ எல்லாக் கணக்குக்கும் இருப்பைக் கீழிறக்கலாம். ஆண்டு முடிவில் அப்படி இல்லை. கண்ணன், ரொக்கம், முதல் போன்றவற்றின் இருப்புதான் அடுத்த ஆண்டுக்குப் போகும். விற்பனையும் விற்பனைத் திருப்பமும் வியாபாரக் கணக்குக்கும், அளித்த தள்ளுபடி இலாப நட்டக் கணக்குக்கும் மாற்றி முடிக்கப்படும். அங்கே கீ/இ என்று எழுதாமல் மாற்றப்படும் கணக்கின் பெயரை எழுதுவார்கள். இரட்டைக் கோட்டுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. அந்த இடம் காலியாக இருப்பதுதான் சரி.