சொன்னதைச் செய்யாத ஊழியர்கள்: மேலாளர் எதை ஆதாரமாக வைப்பது?

*கானாடுகாத்தான் பக்கத்தில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஹோட்டலாக நடத்துகிறார்கள். 5 மாதத்துக்கு முன் அங்கே மேலாளராகச் சேர்ந்தேன். எனக்கு ஊர் திருச்சி. மொத்தம் 16 பேர் வேலை பார்க்கிறார்கள். யாரும் என்னை மதிப்பதில்லை. சொன்ன வேலையைச் செய்வதில்லை. கேட்டால், "ஆச்சி இப்படித்தான் செய்யச் சொன்னாங்க" என்கிறார்கள். நான் இல்லாமல் தனியாக ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். ஆச்சியின் மகன்தான் முதலாளி, சென்னையில் இருக்கிறார். அவரிடம் சொன்னால், "ஆதாரம் இருக்கா?" என்கிறார். எதை ஆதாரமாகக் காட்டுவது?*
*— வாசகி, சிவகங்கை மாவட்டம்*

"மதிக்கவில்லை" என்பதற்கு யாராலும் ஆதாரம் காட்ட முடியாது. வேலை நடக்கவில்லை என்பதற்குக் காட்ட முடியும். ஒரு வேலையைச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இருந்தது, தெளிவாகச் சொன்னீர்கள், அது அவருக்குப் போய்ச் சேர்ந்தது, செய்வதற்கு வேண்டியது கையில் இருந்தது, அப்படியும் செய்யவில்லை, அதனால் இன்ன நஷ்டம் வந்தது. இத்தனையும் ஒரே சம்பவத்தில் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட சம்பவங்கள் வாரா வாரம் திரும்ப வர வேண்டும். ஒருநாள் கோபத்தையும் தொடர்ந்து நடக்கும் சீண்டலையும் பிரித்துக் காட்டுவது அதுதான்.

கீழே இருப்பவர்கள் சேர்ந்து மேலாளரை ஓரங்கட்டுவதை ஆஸ்திரேலியாவில் சாரா பிராஞ்ச் என்ற ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மேலாளருடைய அதிகாரம் செல்லாது என்று ஊழியர்கள் நினைப்பதும், மேலிடம் அவருக்குத் துணை நிற்காததும் இதற்கு முக்கியக் காரணங்கள் என்கிறார். உங்கள் கடிதத்தில் இரண்டுமே இருக்கின்றன. இத்தனை வருஷம் அந்த வீட்டைக் கட்டிக் காத்தவர் ஆச்சி. ஊழியர்கள் அவரிடம் போய் நிற்பது அவர்களுக்குப் பழகிய வழி. அதில் ஆச்சி மேல் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வழி மாறிவிட்டது என்று முதலாளி அவர்களிடம் சொல்லாததுதான் சிக்கல்.

அதனால் டைரியைத் திறப்பதற்கு முன் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் "மேலாளர்" என்ற பதவிப் பெயரும் சம்பளமும்தான் அதில் இருக்கும். டியூட்டி போடுவது, லீவு கொடுப்பது, அறைகளைச் சரிபார்ப்பது, சாமான் வாங்குவது ஆகியவை உங்கள் பொறுப்புதானா என்று கேட்டு முதலாளிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அவர் "ஆமாம்" என்று ஒரு வரி பதில் போட்டால்கூடப் போதும். இது கையில் இல்லாவிட்டால் நீங்கள் என்ன எழுதி வைத்தாலும், "அது அவங்க வேலையே இல்லை" என்ற ஒரே பதிலில் அடிபட்டுப் போகும்.

அடுத்தது, வேலை சொல்லும் முறை. முற்றத்தில் நடந்துகொண்டே வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. முக்கியமானதை எல்லோரும் இருக்கும் அலுவலகக் குரூப்பில் போடுங்கள், யார், எதை, எத்தனை மணிக்குள் என்று. தனிச் செய்தியில் ஒருவர் நீல டிக்கை அணைத்து வைத்திருந்தால் அவர் படித்தாரா என்று உங்களுக்குத் தெரியாது. குரூப்பில் அப்படி மறைக்க முடியாது. நீங்கள் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து Info பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்று வரும். அதை அன்றைக்கே படமெடுத்து வையுங்கள். செய்திகள் தானாக அழியும் வசதி அந்தக் குரூப்பில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வாரம் ஒருமுறை Export chat கொடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொண்டால், பின்னால் யாரும் "இது இப்போ தயாரிச்சது" என்று சொல்ல முடியாது. எழுதப் படிக்கச் சிரமப்படுபவருக்கு நேரில் சொல்லிவிட்டு, "இன்று காலை உங்களிடம் சொன்னது" என்று குரூப்பில் குரலிலும் போட்டுவிடலாம்.

இப்போது ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டிலும் தரை ஆத்தங்குடிக் கல்லாகத்தான் இருக்கும். கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டுச் செய்த கல் அது, சூளையில் சுடுவதில்லை. ஆசிட் பட்டால் மேல்பரப்பை அரித்து, நிறமும் மினுக்கும் போய்விடும். ஆசிட் போடாதீர்கள் என்று நீங்கள் சொல்லியும் ஹவுஸ் கீப்பிங் சூப்பர்வைசர் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பலர் அன்றிரவு எழுதுவது இப்படி இருக்கும்: "சூப்பர்வைசர் வேண்டுமென்றே எல்லார் முன்னாலும் என்னை அவமானப்படுத்தினார். இவர்களுக்குத் திமிர்." உங்கள் மனசுக்கு அது உண்மைதான். ஆனால் படிக்கிற முதலாளிக்கு இதில் ஒரு தகவலும் இல்லை. அதே சம்பவத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"10-ம் தேதி, காலை 9.40. இரண்டாங்கட்டுத் தாழ்வாரம். பக்கெட் பக்கத்தில் ஆசிட் பாட்டில். 'ஆசிட் வேண்டாம்னு 3-ம் தேதி குரூப்ல போட்டிருந்தேனே' என்றேன். 'இந்தத் தரையை நாங்க பத்து வருஷமாத் துடைக்கிறோம், நீங்க நேத்து வந்தவங்க' என்றார் சூப்பர்வைசர். துடைப்பதை நிறுத்தவில்லை. பக்கத்தில் ரூம் பாய் ஒருவரும் தோட்டக்காரரும் இருந்தனர். 6 கற்களில் வெளுப்பு, படம் எடுத்தேன். மாற்றாகச் சோப்புக் கரைசல் ஸ்டோரில் இருந்தது, 5-ம் தேதி பில். 10.15-க்கு அவருக்கு எழுத்தில் அனுப்பினேன்."

இதில் "திமிர்" இல்லை, "வேண்டுமென்றே" இல்லை. அவர் சொன்னது அவர் வாயிலிருந்து வந்தபடியே இருக்கிறது. இதில் மிக முக்கியமான வரி, சோப்புக் கரைசல் ஸ்டோரில் இருந்தது என்பது. அது இல்லாவிட்டால், "வேற எதுவும் வாங்கித் தரல, அதான் ஆசிட் போட்டோம்" என்பார்கள், அது நியாயமாகவும் படும். கடைசியில் சொன்ன 10.15 செய்தி ரொம்பச் சின்னதாக இருக்கட்டும்: "இன்று காலை தாழ்வாரத்தில் ஆசிட் பயன்படுத்தியது பற்றிப் பேசினோம். நாளை முதல் சோப்புக் கரைசல் மட்டும். ஏதாவது சிரமம் இருந்தால் இன்று மாலைக்குள் சொல்லவும்." பதில் வந்தால் அதுவும் பதிவு, வராவிட்டால் அதுவும் பதிவு. இதை எழுதும்போது குரல் உயர்ந்தால் கெட்டது. உங்களைப் பற்றிப் புகார் போனால் முதலில் காட்டுவது அந்தச் செய்தியாகத்தான் இருக்கும்.

எழுதுவதற்குத் தைத்த நோட்டு ஒன்று வாங்கி, பக்க எண் போட்டு, அன்றன்றைக்கே பேனாவில் எழுதுங்கள். அடித்துத் திருத்தலாம், பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. இன்னொன்று, இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன்: அவர்கள் சரியாகச் செய்ததையும் எழுதுங்கள். 12-ம் தேதி பிரெஞ்சுப் பயணிகள் வந்தபோது சமையல்காரர் சொன்ன நேரத்துக்கு இலை போட்டார் என்றால் அதுவும் நோட்டில் ஏற வேண்டும். குற்றம் மட்டுமே நிரம்பிய நோட்டைப் படிப்பவர், எழுதியவர் மேல்தான் சந்தேகப்படுவார். அதைவிட முக்கியம், ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் 16 பேரும் எதிரி இல்லை என்பது உங்களுக்கே தெரியவரலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் இழுப்பார்கள், மற்றவர்கள் பயந்து ஒதுங்கியிருப்பார்கள். அந்த மற்றவர்களுக்கு ஓவர்டைம் பாக்கியோ, வார விடுமுறை கிடைக்காத குறையோ இருந்தால் அதைத் தனியாக எழுதிச் சரிசெய்யப் பாருங்கள். அது சீண்டல் இல்லை, அவர்களுடைய உரிமை.

சரி, "ஆச்சி சொன்னாங்க" என்பதற்கு வருவோம். ஒவ்வொரு முறையும் அதையும் தேதியோடு எழுதிவிட்டு, அன்றைக்கே ஆச்சியிடம் நேரில் போய்க் கேளுங்கள். புகாராக இல்லாமல், "ஆச்சி, தரைக்கு ஆசிட் போடச் சொன்னீங்களா? இனிமே எப்படிச் செய்யணும்?" என்று. "நான் எங்கே சொன்னேன்? சுத்தமா வைங்கன்னுதான் சொன்னேன்" என்று பதில் வர நிறைய வாய்ப்பு உண்டு. சொன்னேன் என்றே அவர் சொன்னாலும் நல்லதுதான். அப்போது இது கீழ்ப்படியாமை இல்லை, இரண்டு பேர் உத்தரவு போடுகிற குழப்பம் என்று தெளிவாகிவிடும். அதைத் தீர்க்க வேண்டியவர் முதலாளி.

தனிக் குரூப் வைத்திருப்பதை மட்டும் குற்றமாக்காதீர்கள். ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். அதற்குள் யாரையாவது உளவு பார்க்கச் சொன்னால் உங்கள் பக்க நியாயம் அங்கேயே முடிந்துவிடும். அங்கே முடிவான வேலை விஷயம் உங்களுக்கு வராமல் போனதை மட்டும் எழுதுங்கள்: சமையல்காரரின் லீவு வியாழன் அன்றே எல்லோருக்கும் தெரியும், எனக்குச் சனி காலை 7 மணிக்கு விருந்தினர் டிபன் கேட்டபோதுதான் தெரிந்தது, என்பது போல. திருட்டுத்தனமாகப் பேச்சைப் பதிவு செய்வதும் வேண்டாம். அது ஒருநாள் வெளியே தெரிந்தால், உங்கள் பக்கம் இருக்கிற ஒன்றிரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஆறு முதல் எட்டு வாரம் இப்படி எழுதினால் போதும். அப்புறம் முதலாளிக்கு நோட்டை அனுப்பாமல் ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். என்ன வேலை, எத்தனை முறை சொன்னது, எத்தனை முறை நடக்கவில்லை, அதில் எத்தனை முறை ஆச்சி பெயர் வந்தது, கல்லுக்கும் விருந்தினருக்கும் நேர்ந்தது என்ன. நம்பத்தக்க மூன்று சம்பவங்களை மட்டும் படத்தோடு இணையுங்கள். கடைசியில் யாரையும் நீக்கச் சொல்லாமல், அவர் ஊருக்கு வரும்போது ஆச்சி முன்னிலையில் எல்லோரையும் கூட்டி, இனி வேலை சம்பந்தப்பட்ட உத்தரவு மேலாளரிடமிருந்துதான் என்று சொல்லும்படி கேளுங்கள். ஊழியர்கள் முதலாளிக்கே நேராகப் போடும் போனையும் அவர் உங்களிடம் திருப்பிவிட வேண்டும் என்று கேளுங்கள்.

அதன் பிறகும் அந்தச் சூப்பர்வைசர் மாறாவிட்டால்தான் மெமோ. விளக்கம் கேட்டு, பதில் சொல்ல நாள் கொடுத்து, பதில் திருப்தியாக இல்லாவிட்டால் சார்ஜ் மெமோவும் விசாரணையும். வேலையிடச் சீண்டலுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மீறியது என்ற ஒழுங்கீனமாகத்தான் இது எடுத்துக்கொள்ளப்படும். விசாரணை நடத்தாமல் ஆளை நிறுத்தினால், எவ்வளவு நல்ல நோட்டு வைத்திருந்தாலும் வழக்கு வரும்போது அது காப்பாற்றாது. அந்த விசாரணையை நீங்களே நடத்தவும் கூடாது. நீங்கள் அங்கே சாட்சி, சம்பவத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் நடத்த வேண்டும். அப்போது குறுக்குக் கேள்வி கேட்பார்கள், "அன்னைக்கு நீங்க கத்தினீங்களா இல்லையா?" என்று. கத்தியிருந்தால் அதையும் நோட்டில் எழுதியிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் இந்த எட்டு வாரக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேச்சிலோ செய்தியிலோ பாலியல் ரீதியாக ஏதாவது வந்தால் காத்திருக்க வேண்டாம். கீழே வேலை செய்பவர் மேல் மேலாளர் புகார் கொடுக்கவும் 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் இடம் உண்டு. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 10 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் இதற்கென உள்புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும், உங்கள் ஹோட்டலில் 16 பேர். குழு அமைக்கப்பட்டிருக்கிறதா, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் முதலாளிக்கு எழுதும் அந்த முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.